மகளின் மேற்படிப்புக்கு வைப்புநிதியை உடைப்பதா, வங்கிக் கடன் வாங்குவதா?

வங்கியில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஜனவரி பிறந்தாலே தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பிள்ளைக்கு வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்துவிட்டது, கையில் இருக்கிற சேமிப்பைப் போடலாமா, கல்விக் கடன் வாங்கலாமா என்பதுதான் கேள்வி. இந்த ஆண்டு என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கணக்கை, அவர்களுடைய அனுமதியோடு, அடையாளங்களை மட்டும் நீக்கிவிட்டு இங்கே எழுதுகிறேன்.

தந்தைக்கு 56 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர், 58-இல் ஓய்வு. வங்கி வைப்புநிதியில் 18 லட்சம், வருங்கால வைப்பு நிதியில், அதாவது பி.எஃப்.-இல், சுமார் 22 லட்சம், கடனில்லாத சொந்த வீடு. மகள் பி.இ. முடித்துவிட்டு இரண்டாண்டுகள் வேலை பார்த்தவர். இங்கிலாந்தில் தரவு அறிவியலில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு, 2026 செப்டம்பர் சேர்க்கைக்கு இடம் கிடைத்திருந்தது.

கட்டணம் 22,000 பவுண்டு. ஒரு பவுண்டை 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 26 லட்சத்து 40 ஆயிரம். லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவர் மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதச் செலவுக்குக் கையிருப்பு காட்ட வேண்டும் என்பது விசா விதி; அது ஏறத்தாழ 12 லட்சத்து 65 ஆயிரம். விசாக் கட்டணம், அந்நாட்டு மருத்துவக் கூடுதல் கட்டணம், விமானச் சீட்டு எல்லாம் சேர்த்து இன்னொரு இரண்டரை லட்சம். ஆக மொத்தம் நாற்பத்தொன்றரை லட்சம்.

"சார், எனக்குக் கடனே வேண்டாம். வைப்புநிதியை உடைத்து, பி.எஃப்.-இலும் எடுக்க முடிந்ததை எடுத்துக் கட்டிவிடுகிறேன். அவள் தலையில் கடன் சுமத்தி அனுப்ப மனசு வரவில்லை" என்றார் தந்தை. மகளோ, "அப்பா காசைத் தொடவே வேண்டாம் சார், 30 லட்சம் கடன் வாங்கிவிட்டு நானே கட்டிக்கொள்கிறேன்" என்றார். இருவருமே ஒருவர் மீது ஒருவர் கொண்ட அன்பினால் பேசினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இருவருடைய கணக்கும் தவறு.

முதலில் தந்தையின் கணக்கைப் பார்ப்போம். கல்விக் கடனுக்கு வட்டி 10 சதவீதம் என்றால், சேமிப்பைப் போட்டால் அந்தப் பத்தும் மிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சேமிப்பு ஈட்டிக்கொண்டிருக்கும் வட்டியை எடுத்த நாளிலிருந்து இழக்கிறோம் என்பதையும் கழித்தால்தான் உண்மையான மிச்சம் தெரியும். வைப்புநிதிக்கு ஆறரை சதவீதம் வருகிறது, அதற்கு வருமான வரியும் உண்டு. ஆகவே வைப்புநிதியிலிருந்து 12 லட்சத்தை எடுத்துக் கடனைத் தவிர்த்தால், 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 58,000 ரூபாய் அளவில் மிச்சமாகும். இது பொருட்படுத்தத் தக்க தொகைதான். பி.எஃப். கதை வேறு. அதற்கு 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம், வரியும் கிடையாது. அங்கிருந்து 12 லட்சத்தை எடுத்துப் பத்து சதவீதக் கடனைத் தவிர்த்தால் ஆண்டுக்கு மிச்சம் வெறும் 21,000 ரூபாய். ஓய்வுக்கு இரண்டாண்டுகள் இருக்கும் ஒருவர், மாதம் 1,750 ரூபாய் மிச்சத்துக்காக, மீண்டும் ஒருபோதும் சேர்க்க முடியாத பணத்தைக் கரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. படிப்புக்குக் கடன் கொடுக்க வங்கி இருக்கிறது. ஓய்வுக்காலச் சாப்பாட்டுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கியும் இல்லை.

மகளின் கணக்கில் இருக்கும் சிக்கல் இதைவிடப் பெரியது. படிக்கும் காலத்துக்கும், அது முடிந்தபின் 6 மாதம் அல்லது ஓராண்டுக்கும் (வங்கிக்கு வங்கி மாறும்) தவணை கட்ட வேண்டியதில்லை என்று வங்கி சொல்லும். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு விடுமுறை இல்லை. 30 லட்சத்துக்குப் பதினெட்டு மாதத்தில் தனி வட்டியாகவே நாலரை லட்சம் ஏறி, தவணை தொடங்கும்போது கடன் முப்பத்து நாலரை லட்சமாக நிற்கும். பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 45,600 ரூபாய். பதினைந்தாண்டுக்கு நீட்டினாலும் 37,000 ரூபாய். தவணை தொடங்கும் மாதம் 2028 மார்ச். தந்தை ஓய்வு பெறுவதும் 2028-இல்தான். இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான் என்பதை அந்த வீட்டில் யாரும் நாட்காட்டியில் பொருத்திப் பார்த்திருக்கவில்லை.

"அங்கே வேலை கிடைத்தால் பவுண்டில் சம்பளம் வருமே" என்றார் மகள். கிடைத்தால், ஓரிரு ஆண்டுகளிலேயே கணிசமாக அடைத்துவிடலாம். தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதமும் கிடையாது. ஆனால் படிப்பு முடிந்தபின் இங்கிலாந்தில் தங்கி வேலை தேடத் தரும் அனுமதி இப்போது இரண்டாண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேர்பவர் 2027 இறுதியில்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், இவருக்குக் கிடைப்பது 18 மாதம்தான். அதற்குள் திறன்சார் பணி விசாவுக்குத் தகுதியான வேலையைப் பிடிக்க வேண்டும். புதிதாகப் பணிக்கு வருபவர்களுக்கு அதற்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் பொதுவாக 33,400 பவுண்டு, மற்றவர்களுக்கு 41,700 பவுண்டு. அந்தச் சம்பளத்தைத் தரவும், விசா ஆதரவுக்கான செலவை ஏற்கவும் தயாராக ஒரு நிறுவனம் அமைய வேண்டும். அமையலாம். அமையாமல் திரும்பியவர்களின் தவணைப் பாக்கிக் கோப்புகளை நான் கையாண்டிருக்கிறேன். அவர்களில் படிப்பில் மோசமானவர்கள் யாரும் இல்லை.

அதனால் கடன் தொகையை நிர்ணயிக்க நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றுதான். பிள்ளை வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பிவிட்டால், இங்கே கிடைக்கும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்க வேண்டும். இந்தப் பெண் சென்னையில் 45,000 ரூபாய் சம்பளத்தில் சேர்வார் என்று வைத்துக்கொண்டால், தவணை 15,000-க்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அதற்குப் பொருந்துவது 12 லட்சக் கடன். பதினைந்தாண்டுக்கு மாதம் சுமார் 12,900 ரூபாய், பன்னிரண்டு ஆண்டுக்கு 14,300 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை, மாதம் பத்தாயிரம் ரூபாயை, தந்தை சம்பளம் வரும்வரை அவ்வப்போதே கட்டிவிட்டால் கடன் 12 லட்சத்திலேயே நிற்கும். அப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை சலுகை தரும் வங்கிகளும் உண்டு. அனுமதிக் கடிதத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேமிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பி.எஃப்.-ஐத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. வைப்புநிதியில் மருத்துவம் போன்ற அவசரத்துக்கு 4 லட்சத்தை ஒதுக்கினால் எடுக்கக்கூடியது 14 லட்சம். எங்கெங்கே சேமிப்பைப் போட வேண்டும் என்பதும் ஓரளவு தானாகவே முடிவாகிவிடும். இடத்தை உறுதிசெய்யப் பல்கலைக்கழகம் கேட்கும் முன்பணத்தைப் பெரும்பாலும் விசாவுக்கு முன்பே கட்ட வேண்டும். வங்கியோ பல நேரங்களில் விசா வந்த பிறகுதான் கட்டணத்தை விடுவிக்கும். வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் 15 சதவீதம் வரை நம் பங்காகக் காட்டச் சொல்வதும் வழக்கம். ஆகவே முன்பணமும் வாழ்க்கைச் செலவும் சேமிப்பிலிருந்து, மீதிக் கட்டணம் கடனிலிருந்து என்று பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். கடனிலிருந்து நேரே போகும் கட்டணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் முன்வரிப் பிடித்தம் இல்லை என்பது கூடுதல் வசதி. சொந்தப் பணத்தை ஒரே நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு வங்கி வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், கையில் காசு முடையாக இருக்கும் நேரத்தில் பிடிக்கிறார்கள்.

(வங்கிக் கணக்கில் 28 நாள் பணம் காட்ட வேண்டும் என்பதற்காகத் தரகர்கள் வட்டிக்குப் பணம் "ஏற்பாடு" செய்து தருகிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். ஏமாற்று வேலை என்று முடிவானால் பத்தாண்டு வரை விசா மறுக்கப்படலாம்.)

ஆக, கடன் 12, சேமிப்பு 14, மொத்தம் 26 லட்சம். தேவை நாற்பத்தொன்றரை லட்சம். இந்த இடத்தில்தான் பலர் பதினைந்தரை லட்சம் பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது என்று யோசிக்கிறார்கள்: நகை, சித்தப்பாவிடம் கைமாற்று, வீட்டின் மீது இன்னும் கொஞ்சம். அந்தப் பள்ளத்தை நிரப்பவே கூடாது என்பது என் கருத்து. அந்தப் படிப்பு இந்தக் குடும்பத்தின் வரவுக்கு மேற்பட்ட விலையில் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. நான் இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவருடைய அம்மாவுக்கு என் மீது கோபமே வந்தது.

பிறகு ஜெர்மனியைப் பற்றிப் பேசினோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதைவிட அதிகமாக வாங்குகிறது. விசாவுக்கு முடக்குக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். அதை மாதம் 992 யூரோவாக எடுத்துச் செலவு செய்யலாம். யூரோவுக்கு 105 ரூபாய் வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம், இரண்டாண்டுப் படிப்புக்கு 25 லட்சம். இது 26-க்குள் அடங்குகிறது, கொஞ்சம் இறுக்கமாகத்தான். குறைகளும் உண்டு: ஓராண்டு கூடுதலாகப் போகிறது, பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் வேலைக்கு ஜெர்மன் மொழி கேட்கும் நிறுவனங்கள் அதிகம், இந்தியச் சான்றிதழ்களுக்கு ஏ.பி.எஸ். சரிபார்ப்பு வேண்டும் என்பதால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். தரகர்கள் அங்கும் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளைத்தான் முதலில் காட்டுவார்கள், தரகு அங்கேதான் கிடைக்கிறது என்பதால்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டும் கெடு போன மாதம் முடிந்தது, அவர்கள் கட்டவில்லை. ஏ.பி.எஸ். விண்ணப்பம் போயிருக்கிறது, மகள் கோவையில் ஜெர்மன் வகுப்பிலும் சேர்ந்துவிட்டார். வங்கியில் வீட்டுப் பத்திரத்தைக் காட்டியபோது மேலாளர் 20 லட்சம் வரை தரலாம் என்று சொன்னாராம். அனுமதி எவ்வளவு கொடுத்தாலும் வட்டி எடுத்த தொகைக்கு மட்டும்தான் என்பதால், 20-க்கே அனுமதி வாங்கிக்கொண்டு 12-க்கு மேல் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.