26 வாரம் கழித்து வந்தவரிடம் முதல் நாளே முழு மாதக் கணக்கா?

நீண்ட விடுப்பு முடிந்து திரும்பி வருபவருக்காக எங்கள் நிர்வாகத்திடம் இருக்கும் ஒரே ஏற்பாடு, அவருடைய பழைய நாற்காலி. அதையும் அன்று காலையில்தான் துடைத்து வைத்தார்கள். "ஆறு மாதம் நன்றாக ஓய்வு எடுத்துவிட்டீர்கள், இனி ஓட்டம்தான் அம்மா" என்று மேலாளர் சிரித்தபடி வரவேற்றார். பிரசவமும், இரவெல்லாம் கண்விழித்துப் பால் கொடுத்ததும் அவர் அகராதியில் ஓய்வாம். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். பெரும்பகுதி ஏற்றுமதி, கொஞ்சம் உள்நாட்டு மொத்த வியாபாரம். எங்கள் ஜிஎஸ்டி கணக்கு முழுவதையும் பார்த்துவந்த பெண் 2025 ஜூலைத் தொடக்கத்தில் மகப்பேறு விடுப்பில் போனார். 26 வார விடுப்பு முடிந்து 2026 ஜனவரி 5 அன்று வந்தார். அந்தத் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1. 15-ஆம் தேதி பி.எஃப், இ.எஸ்.ஐ. 20-ஆம் தேதி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. இவை போதாதென்று, காலாண்டு முடிந்த மாதம் என்பதால் 31-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் காலாண்டு அறிக்கை வேறு. வருடத்தில் கணக்குப் பிரிவு மூச்சுத் திணறும் மாதங்களில் ஒன்று அது. அதில் முதல் நாளே எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினார்கள். ஆறு மாதம் அந்த வேலையைப் பார்த்த பையனை அன்று மாலையே வங்கிக் கணக்குப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கைமாற்றத்திற்கு ஒதுக்கிய நேரம், மதிய உணவுக்கு முன் முக்கால் மணி.

இவர் போனபோது இருந்த ஜிஎஸ்டியா இப்போது இருக்கிறது? ஜூலை மாதக் கணக்கிலிருந்து, அதாவது அவர் போன பிறகு ஆகஸ்டில் தாக்கல் செய்ததிலிருந்து, ஜிஎஸ்டிஆர்-1-இலிருந்து 3பி படிவத்தில் தானாக வந்து விழும் விற்பனைக்கான வரி பூட்டப்பட்டுவிட்டது. அதில் கை வைக்க முடியாது. முன்பெல்லாம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலில் பிழை இருந்தால் 3பியில் சரியான தொகையைப் போட்டுச் சமாளிப்போம். இப்போது ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவத்தின் வழியாகத்தான் மாற்ற வேண்டும். அதையும் 3பி தாக்கல் செய்வதற்கு முன்பே செய்தாக வேண்டும். அடுத்தது, செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்களே மாறின. அதுவரை ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைக்கு 12 சதவீதம். இப்போது 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. செய்தித்தாளில் இதையெல்லாம் அவரும் படித்திருக்கிறார். ஆனால் எங்கள் மென்பொருளில் இது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைச் செய்தித்தாள் எழுதாது.

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில் ஒரு மொத்த வியாபாரிக்கு விற்ற சட்டைகளில் 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தது. சட்டை ஒன்று 1,400 ரூபாய். விற்றபோது 12 சதவீத வரி போட்டிருந்தோம். திரும்பி வந்த சரக்குக்காக விலையையும் வரியையும் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட்டிலும் அதே 12 சதவீதம்தான் இருக்க வேண்டும். மூல இன்வாய்ஸின் விகிதம்தான் அதற்குப் பொருந்தும். ஆனால் மென்பொருளில் அந்தச் சட்டைக்கு இப்போது 5 சதவீதம் பதிவாகியிருப்பதால், கிரெடிட் நோட் போட்டால் தானாக 5 வந்து உட்காரும். பழைய விற்பனை என்றால் கையால் 12 என்று மாற்ற வேண்டும். அந்தப் பையனுக்கு இது தெரியும், அக்டோபரிலிருந்து அப்படித்தான் செய்துவந்தான். எங்கும் எழுதி வைக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் நினைவுக்கு வரவும் இல்லை. அவனையும் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாத வேலையை அவ்வளவு நேரத்திற்குள் யாரால் சொல்லி முடிக்க முடியும்?

24,000 ரூபாய் குறைய வேண்டிய வரியில் 10,000 மட்டும் குறைந்து ஜிஎஸ்டிஆர்-1 போய்விட்டது. வியாபாரியின் கணக்காளர் 19-ஆம் தேதி மாலை தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். யாரைக் கூப்பிட்டார் என்கிறீர்கள்? அந்தப் பையனைத்தான். இவர் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று வெளியே யாருக்கும் ஒரு மின்னஞ்சல்கூடப் போகவில்லை. மறுநாள் 3பி கெடு. அன்று இரவே 1ஏ படிவத்தில் திருத்திவிட்டோம். நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. பிழை எழுந்தது, கெடுவுக்குள் சரியானது, கணக்குப் பிரிவில் இது மாதாமாதம் நடப்பதுதான்.

ஆனால் மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "குழந்தை பிறந்த பிறகு பெண்களுக்குக் கவனம் கொஞ்சம் சிதறத்தான் செய்யும். அவருக்குச் சுமை வேண்டாம், எளிதான வேலை கொடுங்கள்." மறுநாளிலிருந்து அவருக்கு வவுச்சர் அடுக்கும் வேலை. எட்டு வருட அனுபவமுள்ளவர், வரி அதிகாரியின் நோட்டீசுக்கு நேரில் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தவர், இன்று காகிதத்தில் துளை போட்டுக் கோப்பில் கோர்க்கிறார். இரண்டு வாரத்துக்குள் எல்லாவற்றையும் ஏற்றினார்கள், பிறகு எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் டிசம்பர் நடுவிலேயே அந்தப் பாதையை ஒரு பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்று மேசையில் வைத்தார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் போலும்.

அதில் நான் எழுதியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கணக்கு வேலைக்கு வாரக் கணக்கில் திட்டம் போடுவது வீண். வேலை மாதச் சுற்றில் ஓடுகிறது. ஆகவே மூன்று மாதச் சுற்றுகள். முதல் சுற்றில் அந்தப் பையனே தாக்கல் செய்யட்டும், இவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனபோது இருந்ததற்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசங்களை ஒவ்வொன்றாக எழுதி எடுக்கட்டும். அந்தக் கிரெடிட் நோட் விவகாரம் அங்கேயே, அவன் கை விகிதத்தை மாற்றும் இடத்திலேயே, இவர் கண்ணில் பட்டிருக்கும். இரண்டாம் சுற்றில் இவர் தயாரிக்கட்டும், அவன் சரிபார்க்கட்டும். மூன்றாவதில் பொறுப்பு முழுவதும் இவருடையது, அவன் கேட்டால் மட்டும் வருவான். ஜனவரியில் வந்தவர் மார்ச் மாதத் தாக்கலில் தன் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்திருப்பார். ஏப்ரலில் வரும் வருட முடிவுக் கணக்குக்கும் தயாராக இருப்பார்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போவதைத் தேதி தீர்மானிக்கக் கூடாது, வேலை தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வருகிறது, எங்கள் சப்ளையர்கள் காட்டிய கொள்முதல் விவரம். அதை எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பொருந்தாத ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் காரணத்தை 18-ஆம் தேதிக்குள் யார் துணையும் இல்லாமல் எழுதிவிட்டாரா? அப்படியானால் அடுத்த கட்டம். முடியவில்லையா, அதே கட்டத்தில் இன்னொரு மாதம். அது குற்றமில்லை, தண்டனையுமில்லை, வருடாந்திர மதிப்பீட்டில் ஏறவும் கூடாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தேன். எதிர்த்திசையிலும் ஒரு வாசல் வேண்டும். அவரே முதல் சுற்றின் பாதியில் "எனக்குப் பிடிபட்டுவிட்டது" என்றால் சுற்றைச் சுருக்கிவிடலாம். அவரைக் கேட்காமல் போடுகிற திட்டம், மேலாளர் செய்ததைவிட மரியாதையான ஒதுக்கல், அவ்வளவுதான்.

எல்லோரும் மறக்கும் இன்னொரு பக்கம், இடைக்காலத்தில் பார்த்தவரின் பக்கம். அவன் எதை எப்போது விட்டுக் கொடுக்கிறான் என்று எழுதாவிட்டால் பொறுப்பு திரும்பி வராது. ஜிஎஸ்டி தளத்தில் பதிவான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் யாருடையவை? ஓடிபி யார் கைக்கு வருகிறது? எங்கள் அலுவலகத்தில் இன்றுவரை அது அந்தப் பையனின் கைபேசிக்குத்தான் வருகிறது. தளம் ஓடிபி கேட்கும்போதெல்லாம் இவர் அடுத்த அறைக்கு நடந்துபோய் "தம்பி, ஒரு எண் வந்திருக்கும், சொல்லுப்பா" என்று கேட்க வேண்டும். வெளியாட்கள் யாரைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள், ஓடிபி எங்கே போகிறது, இந்த இரண்டைப் பார்த்தாலே போதும், பொறுப்பு உண்மையில் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சட்டத்தைப் பற்றிப் பேசினால் மனிதவளப் பிரிவுக்கு முகம் சுருங்குகிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளைக்கு மேல் தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினமும் நான்கு முறை போய்வரலாம். 2017-இல் திருத்திய மகப்பேறு சலுகைச் சட்டத்தில் இருந்தவை, 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன. எங்களிடம் காப்பகம் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆய்வுக்குழு வரும் நாளில் திறக்கும். பொம்மைகள் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கின்றன, மற்ற நாட்களில் அந்த அறையில் அட்டைப்பெட்டிகள் தூங்குகின்றன. 11-ஆம் தேதி இரவு எட்டு மணிவரை இவரை உட்கார வைத்தவர்களுக்கு, அந்த இரண்டு இடைவேளை எங்கே போயிற்று என்று ஒரு கணம் தோன்றியிருக்குமா?

சட்டம் இடைவேளையைச் சொல்கிறது, காப்பகத்தைச் சொல்கிறது, வேலையின் தன்மை அனுமதித்தால் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் சொல்கிறது. பொறுப்பை எப்படிப் படிப்படியாகத் திருப்பிக் கொடுப்பது என்று அது சொல்வதில்லை. அது மேலாளர் செய்ய வேண்டிய வேலை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். செலவு என்று பார்த்தால் ஒரு தாள், ஒரு பேனா, மூன்று மாதம் வாரத்துக்குக் கால் மணி நேரப் பேச்சு. இதைச் செய்யாமல் விட்டதற்கு, வரி நோட்டீசுக்குப் பதில் எழுதத் தெரிந்த ஒரே ஆளை வவுச்சர் அடுக்க விட்டிருக்கிறோம்.

பிப்ரவரித் தாக்கலுக்குள் அவருக்கு வேலை திரும்பி வர வேண்டும் என்று நேற்று மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை முதல் வரியிலேயே கைபேசி எண்ணை மாற்றச் சொல்லியிருக்கிறேன். மேலாளர் அதை வாங்கி, டிசம்பரில் கொடுத்த தாளின் மேலேயே வைத்தார்.