புல்லரிப்பு பாட்டின் எந்த இடத்தில் தொடங்குகிறது?

பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஒரு பாடலை நேற்றிரவு மீண்டும் கேட்டேன். வாத்தியங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அடங்க, ஒரு நொடி அமைதிக்குப் பிறகு ஒற்றைக் குரல் மட்டும் மேல்ஸ்தாயியில் எழும் இடம் அதில் ஒன்று உண்டு. பிடரியில் தொடங்கி முதுகுத்தண்டு வழியாக ஒரு சிலிர்ப்பு இறங்குவது எனக்கு எப்போதும் அங்கேதான். ஆனால் நேற்று விளக்கொளியில் முன்னங்கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, குரல் எழுவதற்கு முன்பே, வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருக்கும்போதே மயிர்க்கால்கள் புடைக்கத் தொடங்கியிருந்தன.

எதிர்பாராத திருப்பம்தான் மெய்சிலிர்க்க வைக்கிறது என்பது பலரும் சொல்லும் விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. திடீரென்று ஒலி பெருகும்போதோ, ஒரு புதிய குரல் நுழையும்போதோ, சுரம் நாம் நினைத்த பக்கம் போகாமல் திரும்பும்போதோ சிலிர்ப்பு வருவதாகக் கேட்பவர்கள் சொல்கிறார்கள் என்று ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் மனப்பாடமாகிவிட்ட பாட்டில் என்ன திருப்பம் இருக்கிறது? அது முழு விளக்கமாக இருந்தால், பத்தாவது முறை கேட்கும்போது புல்லரிப்பு நின்றுபோயிருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான விடை, மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலீம்பூரும் ராபர்ட் ஸடோரேயும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. தமக்குப் பிடித்த இசையில் குறிப்பிட்ட இடத்தில் தவறாமல் சிலிர்ப்பு வருபவர்களாகப் பார்த்து எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சொற்களின் பொருள் குறுக்கே வராமலிருக்கப் பாட்டை விலக்கி, வாத்திய இசையை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு உயிரான இசை இன்னொருவருக்குச் சும்மா ஓர் ஒலியாக இருக்கும் அல்லவா? அதையே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தியதுதான் இந்த ஆய்வின் சாமர்த்தியம் என்பேன்.

இன்பத்தோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரக்கிறதா என்பதுதான் அவர்கள் தேடியது; அதை நேரடியாகப் பார்க்க முடியாது. அதனால் டோபமின் போய் ஒட்டும் அதே இடங்களில் ஒட்டக்கூடிய ராக்லோபிரைடு என்னும் பொருளை, கதிரியக்க அடையாளத்துடன் மிகச் சிறிய அளவில் உடலில் செலுத்தினார்கள். மூளை தானே டோபமினைச் சுரந்து அந்த இடங்களை நிரப்பிவிட்டால், ராக்லோபிரைடுக்கு இடம் குறைந்து ஸ்கேனில் அதன் தடம் மங்கும். பிடித்த இசையைக் கேட்டபோது தடம் மங்கத்தான் செய்தது. ஆனால் இந்த வகை ஸ்கேன் மெதுவானது. எந்த நொடியில் என்ன நடந்தது என்பதை அது காட்டாது. எனவே அதே ஆட்களை, இரத்த ஓட்ட மாற்றத்தை நொடிக்கணக்கில் காட்டும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, அதே இசையை மீண்டும் கேட்கச் செய்தார்கள்.

அப்போது இரண்டு கட்டங்கள் தெரிந்தன. சிலிர்ப்புக்கு முந்தைய சில நொடிகளில் காடேட் என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. சிலிர்ப்பின் உச்சத்தில் அக்கம்பென்ஸ் என்ற வேறொரு பகுதி முன்னுக்கு வந்தது. ‘இதோ வரப்போகிறது’ என்று காத்திருப்பதும் ‘வந்துவிட்டது’ என்று அனுபவிப்பதும் மூளைக்கு இரண்டு தனி வேலைகள் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். பழகிய பாட்டு சலிக்காததற்குக் காரணமும் இதுதான் என்பது என் கருத்து. தெரிந்த இடத்துக்காகத்தான் காத்திருக்க முடியும்.

எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். டோபமின் காரணமா, உடன் வந்த விளைவா என்றும் கேட்கலாம். லாரா ஃபெரேரியும் குழுவினரும் 2019இல் அதைச் சோதித்தார்கள். 27 பேருக்கு, ஒவ்வொரு முறை வந்தபோதும் டோபமினைக் கூட்டும் லெவோடோபா, அதன் செயலைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்து இசை கேட்கவைத்தார்கள். லெவோடோபா இசையின்பத்தைக் கூட்டியது, ரிஸ்பெரிடோன் குறைத்தது.

மயிர் ஏன் எழ வேண்டும் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மயிர்க்காலின் அடியில் இருக்கும் சிறு தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. குளிரிலும் அச்சத்திலும் அதைச் சுருக்குகிற அதே பரிவு நரம்பு மண்டலம்தான் இசையிலும் சுருக்குகிறது. தாயைப் பிரிந்த குட்டியின் அழைப்பைப் போல் சில இசை ஒலிப்பதால் உடல் குளிர்ந்து, அணைப்பைத் தேடுகிறது என்றார் நரம்பியல் அறிஞர் யாக் பாங்ஸெப். கேட்க அழகாக இருக்கிறது; ஆனால் ஆரவாரமான முரசொலியில் வரும் சிலிர்ப்புக்கு அது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. திடீர் ஒலி மாற்றம் உடலை ஒரு கணம் எச்சரித்துவிட, ‘ஆபத்தில்லை, இது இசைதான்’ என்று மூளை உடனே தெளிவதால் அந்தப் பதற்றமே இன்பமாகிறது என்ற இசையியலாளர் டேவிட் ஹ்யூரனின் விளக்கத்தையே நான் ஏற்கிறேன்.

சிலிர்ப்பு வராதவர்களை ரசனையற்றவர்கள் என்று கேலி செய்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டை ரசித்தும் ஒருமுறைகூடப் புல்லரிக்காதவர்கள் இருக்கிறார்கள். எனக்கே, நேற்று அந்த இடத்தை மட்டும் மீண்டும் மீண்டும் ஓடவிட்டபோது, நான்காம் முறை கை மயிர் அசையவே இல்லை. பாட்டை முதலிலிருந்து போட்டுக் காத்திருந்தபோதுதான் திரும்ப எழுந்தது.