வீடு பார்க்க சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போங்கள்

பிள்ளைகளை வளர்க்க கேட்டட் கம்யூனிட்டி நல்லதா, சாதாரணத் தெரு நல்லதா என்று யாராவது கேட்டால், பிள்ளைக்கு என்ன வயது என்றுதான் நான் முதலில் கேட்பேன். நாலு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் ஒரே பதில் கிடையாது. அப்புறம், எந்தத் தெரு என்று கேட்பேன். வேலூரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களே ஒன்றுபோல் இருப்பதில்லை.

என் தம்பி பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு இங்கேயே திரும்பி வருகிறான். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. அவன் முன்னால் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, காட்பாடி தாண்டி சித்தூர் ரோட்டுப் பக்கம் கேட் போட்ட மனைப்பிரிவில் புது வில்லா. இன்னொன்று, சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பகுதியில் பழைய தனி வீடு. "அக்கா, நீயும் வந்து பாரு" என்றான். காலையில் வேண்டாம், சாயங்காலம் ஐந்தரைக்குப் போகலாம் என்றேன். மே மாதத்தில் நம் ஊரில் மலையும் பாறையும் பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், அதற்கு முன்னால் ஒரு பிள்ளையும் வெளியே தலை காட்டாது. ஐந்தரையிலிருந்து ஏழு வரைதான் பிள்ளைகளின் நேரம். ஒரு இடம் அவர்களுக்கு ஏற்றதா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.

முதலில் வில்லாவுக்குப் போனோம். நல்ல இடம், மறைக்க ஒன்றுமில்லை. உள்சாலை அகலம், வண்டிகள் குறைவு, சின்னப் பூங்கா, சறுக்கு மரம், ஊஞ்சல். நாலு வயதுப் பையன் போன வேகத்தில் இறங்கி ஓடினான், யாரும் பின்னால் ஓட வேண்டியிருக்கவில்லை. எட்டு வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருக்கும் அம்மாவுக்கு இது பெரிய நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆரம்பப்பள்ளி வயதுப் பிள்ளைக்கு எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் கண்ணும் மூளையும் அதற்கு இன்னும் பழகியிருக்காது.

ஆனால் அந்தப் பூங்காவில் இருந்தவர்கள் எல்லாம் சின்னக் குழந்தைகள்தான். பத்து வயதுக்கு மேல் ஒருவரையும் காணோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டேன். "பெரிய பசங்க டியூஷனுக்குப் போயிருக்காங்க, இல்லன்னா வீட்டுக்குள்ள போன்ல இருப்பாங்க. வெளிய போகணும்னா நாங்கதான் கார்ல கூட்டிட்டுப் போகணும்" என்றார். கேட்டுக்கு வெளியே வந்து பார்த்தால் காரணம் புரிந்தது. மெயின் ரோடு, நடைபாதை கிடையாது, லாரியும் பஸ்ஸும் விரைந்து போகின்றன. நடந்து போகும் தூரத்தில் ஒரு நோட்டுப்புத்தகக் கடைகூட இல்லை. பதினொரு வயதில் பிள்ளை சொந்தமாகப் போக விரும்பும் கடை, நண்பன் வீடு, நூலகம், கிரிக்கெட் ஆடும் காலி மனை எல்லாமே கேட்டுக்கு வெளியேதான். உள்ளே சுதந்திரமாக ஓடிய அதே பிள்ளை, ஓடும் வயதைத் தாண்டியதும் அப்பா அம்மாவின் வண்டிக்குக் காத்திருக்கிறது.

நம் ஊரின் புது மனைப்பிரிவுகளில் பல இப்படித்தான். நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊர் ஓரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி அமைகின்றன. ஊருக்கு நடுவே, நாலு புறமும் கடை இருக்கும் இடத்தில் கேட் போட்ட குடியிருப்பு கிடைத்தால் நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

சத்துவாச்சாரிக்கு வருகிறேன். அங்கே நாங்கள் முதலில் போய் நின்றது தம்பி பார்த்து வைத்த வீடு இருக்கும் தெரு. வீடு அருமை, காற்று வருகிறது, முன்னால் வேப்ப மரம். பத்து நிமிடம் வாசலில் நின்றோம். பைக்குகள் வந்துகொண்டே இருந்தன, நடுநடுவே ஒரு ஷேர் ஆட்டோ. அவர்களில் யாருக்கும் அந்தத் தெருவில் வேலை இல்லை, சர்வீஸ் ரோட்டு நெரிசலைத் தவிர்க்கக் குறுக்கே புகுந்து போகிறவர்கள். இரண்டு முனையும் பெரிய சாலையில் திறக்கிற நேரான தெருவுக்கு இந்த விதி தப்பாது. வீட்டுக்காரர் கேட்டைச் சாத்தி வைத்திருந்தார். எதிர் வீட்டிலும் அப்படியே. வாசலில் ஒரு நாற்காலிகூட இல்லை.

1970களின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுபோல் இருந்த மூன்று தெருக்களை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். நாளைக்கு 2,000 வண்டிகள் போன தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போன தெருவில் ஒரு நண்பர்கூட முழுதாக இல்லை, 0.9. நாடு வேறு, காலம் வேறு. ஆனாலும் வேலூரில் எந்தத் தெருவில் நின்றாலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். வண்டி கூடினால் பெரியவர்கள் வாசலை விட்டு உள்ளே போகிறார்கள். பெரியவர் உள்ளே போனபின் பிள்ளையைத் தனியாக வெளியே விட யாருக்கும் மனம் வராது.

வேகம் எவ்வளவு முக்கியம் என்று தம்பிக்கு ஒரு கணக்குச் சொன்னேன். நிறுத்தி வைத்த காருக்குப் பின்னாலிருந்து பந்தைத் துரத்தி ஒரு பிள்ளை வண்டிக்குப் பத்து மீட்டர் முன்னால் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் பார்த்து பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த ஒரு விநாடியையும் சேர்த்து, வண்டி சுமார் 8 மீட்டரில் நிற்கும். பிள்ளை தப்பிக்கும். 30-ல் வந்தால் சுமார் 13 மீட்டர் வேண்டும், இடிக்கும். 50-ல் வந்தால் 28 மீட்டர், அதாவது பிரேக் பிடிக்கக் கால் போவதற்குள்ளேயே பிள்ளையைத் தாண்டியிருக்கும். இது காய்ந்த தார் ரோட்டில், நல்ல பிரேக்குக்கு. மணல் கொட்டிக் கிடக்கும் நம் தெருவில் இன்னும் கூடும்.

அதனால் அந்த வீடு வேண்டாம் என்றேன். தம்பி மனைவிக்கு வருத்தம், அந்த வேப்ப மரம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அங்கிருந்து நடந்தே மூன்று தெரு தள்ளிப் போனோம். ஒரு முனை சுவரில் போய் முடிகிற சின்னத் தெரு. அங்கே வசிப்பவர்களைத் தவிர வேறு யாரும் வண்டியில் நுழையக் காரணமே இல்லை. நாங்கள் போனபோது நடுத்தெருவில் செங்கல் அடுக்கி கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரை பையன்களும் பெண்பிள்ளைகளும். ஒரு பாட்டி படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாங்கள் அந்நியர் என்று பார்த்ததும், "யாரும்மா, யார் வூட்டுக்கு?" என்று கேட்டார். செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்து வாங்குவதைவிட அந்தக் கேள்வியை நான் அதிகம் நம்புகிறேன்.

பாதுகாப்பு என்றதும் நாம் பயப்படுவது அந்நியர்களைத்தான். ஆனால் குழந்தைகளிடம் அத்துமீறும் வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் - உறவினர், அக்கம்பக்கத்தார், சொல்லித்தருபவர், வண்டி ஓட்டுபவர். கேட்டில் அவர்களை யாரும் நிறுத்துவதில்லை, சிரித்துக்கொண்டே உள்ளே விடுவார்கள். எது சரி, எது தப்பு என்று பிள்ளைக்குச் சொல்லித்தருவதும், அது வந்து சொல்ல இரண்டு மூன்று பெரியவர்கள் இருப்பதும் எங்கே குடியிருந்தாலும் வேண்டும்.

தெருவின் குறைகளை நான் மூடி மறைக்கவில்லை. அந்த முட்டுத்தெருவில் சாக்கடை மூடி இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நாலு வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை, குடிவருவதற்கு முன்பே வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும். தெருநாய்கள் இருந்தன. எத்தனை என்பதோடு, அவை பிள்ளைகளுக்குப் பழகியவையா, புது நாய்கள் வந்து போகின்றனவா என்றும் கேட்க வேண்டும். கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தெருவிளக்கு எரிகிறதா என்பதை ஏழு மணி வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

வில்லா பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. வீட்டுமனைப் பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது, மனைகளை விற்பவர் அதன் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாகவும் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்த சாலையும் பூங்காவும் ஊருக்குச் சொந்தம். அதன் வாசலில் கேட் போட்டு மற்றவர்களைத் தடுக்க அசோசியேஷனுக்கு உரிமை இல்லை. ஒரே வளாகமாகக் கட்டிய அடுக்குமாடியில் உள்சாலையும் பொது இடமும் வீடு வாங்கியவர்களுக்குச் சேரும், அந்தக் கதை வேறு. கேட்டுக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் அங்கீகரித்த வரைபடத்தையும் தானப் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தம்பி கேட்டதற்கு விற்பனை அலுவலகத்தில், "அதெல்லாம் ஒரு பிரச்சனையும் வராது சார்" என்றார்கள். காகிதம் காட்டவில்லை.

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மகன் பக்கம் பார்த்தால் வில்லா, மகள் பக்கம் பார்த்தால் முட்டுத்தெரு. நான் மகள் பக்கம் நின்றேன். பையனுக்கு அடுத்த மூன்று நாலு வருடம் வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால் போதும், அந்தத் தெருவில் அப்படி உட்கார ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். மகளுக்கு இப்போது தொடங்கும் வயது திரும்ப வராது. தெருமுனை மளிகைக் கடை, அடுத்த தெரு தோழி வீடு, பத்தரை பதினொரு வயதில் சைக்கிளில் பள்ளி என்று படிப்படியாக விட வேண்டும். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை குறுக்கிடக் கூடாது என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்தத் தெருவிலிருந்து அவர்கள் பார்த்த பள்ளி நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கமே இருக்கிறது.

அங்கே விற்பனைக்கு வீடு இல்லை, மாடி போர்ஷன் ஒன்று வாடகைக்கு இருந்தது. பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு வரச் சொல்லியிருக்கிறேன். வெயில், மழை, பள்ளி விடுமுறை மூன்றையும் அந்தத் தெருவில் பார்த்துவிட்டு வாங்குவதைப் பற்றி யோசிக்கட்டும். பணத்தை மனையில் முடக்கிவிட்டால் பிள்ளைக்குப் பிடிக்காத இடத்தைவிட்டு நகர முடியாது. தம்பி மனைவிக்கு இன்னும் அரை மனசுதான். வைகாசியில் பால் காய்ச்சுகிறார்கள்.