நிஃப்டி 250 புள்ளிகள் ஏறியும் 5,250 ரூபாய் போனது எப்படி?

"நிஃப்டி ஏறும் என்றுதான் வாங்கினேன், ஏறவும் செய்தது. பிறகு எப்படி மாமா எனக்குப் பணம் போயிற்று?" போன வாரம் அக்கா மகன் என்னிடம் இப்படிக் கேட்டான். கால் ஆப்ஷன் வாங்கும் பலருக்கு முதல் அடி விழுவது இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கிக்கொள்கிறேன். நிஃப்டி 25,000-ல் இருந்தபோது 25,200-ஐ ஸ்ட்ரைக்காக, அதாவது ஒப்பந்த விலையாகக் கொண்ட கால் ஆப்ஷனை அவன் வாங்கினான். காலாவதிக்குப் பத்து நாட்கள் இருந்தன. ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலையான பிரீமியம் 120 ரூபாய். சேர்த்தே வாங்க வேண்டிய தொகுப்பான ஒரு லாட்டில் 75 என்று கொண்டால் கையிலிருந்து போனது 9,000 ரூபாய்.

அந்த 9,000-க்கு அவனுக்குக் கிடைத்தது ஓர் உரிமை மட்டும்தான். காலாவதி நாளில் நிஃப்டி 25,200-ஐத் தாண்டியிருந்தால், தாண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் 75 ரூபாய் அவன் கணக்கில் வரும். தாண்டாவிட்டால் அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை, கூடுதலாக ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை. விற்றவருக்கோ இது உரிமை அல்ல, கடமை. நிஃப்டி எவ்வளவு உயர்ந்தாலும் அவர் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கடமையை ஏற்பதற்கான கூலிதான் பிரீமியம்.

எங்கள் வீட்டுப் பையன் இதை நிலத்துக்குக் கொடுக்கும் அச்சாரம் போல நினைத்திருந்தான். இந்த ஒப்புமையைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்து லட்சம் ரூபாய் மனைக்கு ஐம்பதாயிரம் அச்சாரம் கொடுத்தால், பத்திரப் பதிவன்று மீதி ஒன்பதரை லட்சம் கொடுத்தால் போதும். அச்சாரம் விலையில் கழிந்துவிடும். பிரீமியம் எதிலும் கழியாது. ஸ்ட்ரைக் விலைக்கு மேல் அது தனிச் செலவு. ஆகவே அவன் பார்த்திருக்க வேண்டிய எண் 25,200 அல்ல, அதோடு 120-ஐக் கூட்டிய 25,320. தரகும் வரியும் அதற்கு மேல்.

காலாவதி நாளில் நிஃப்டி 25,250-ல் முடிந்தது. ஸ்ட்ரைக்கைத் தாண்டியது 50 புள்ளிகள். 75-ஆல் பெருக்கினால் 3,750 ரூபாய் வந்தது. கொடுத்தது 9,000. நஷ்டம் 5,250. சந்தை போகும் திசையை அவன் சரியாகவே கணித்தான். எவ்வளவு தூரம், எத்தனை நாளுக்குள் என்பதில்தான் தவறினான்.

"நடுவிலேயே விற்றிருக்கலாமே" என்று கேட்பீர்கள். விற்கலாம்தான். நிஃப்டி ஆப்ஷனைக் காலாவதி நாளில் மட்டுமே செயல்படுத்த முடியும் என்றாலும், அதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் சந்தையில் இன்னொருவருக்கு விற்கலாம். அவனும் ஐந்தாம் நாள் பார்த்திருக்கிறான். நிஃப்டி 25,150. அதாவது 150 புள்ளிகள் ஏறியிருந்தது. பிரீமியமோ 117. மூன்று ரூபாய் குறைந்திருந்தது! திரையில் ஏதோ தவறு என்று நினைத்துக் காத்திருந்துவிட்டான்.

தவறு எதுவும் இல்லை. வாங்கிய அன்று நிஃப்டி ஸ்ட்ரைக்குக் கீழே இருந்தது. ஆகவே அந்த 120 ரூபாயும் இனி வரப்போகும் பத்து நாட்களுக்கான விலை. ஐந்து நாட்கள் கழிந்தபோது அதில் ஒரு பகுதி கரைந்துவிட்டது. ஏற்றம் தந்ததைக் காலம் எடுத்துக்கொண்டது. காலாவதி நெருங்க நெருங்க இந்தக் கரைவு வேகமெடுக்கும். இன்னொன்றும் உண்டு. பட்ஜெட், தேர்தல் முடிவு போன்ற நாட்களுக்கு முன் சந்தை பெரிதாக ஆடும் என்ற எதிர்பார்ப்பில் பிரீமியம் பெருத்திருக்கும். செய்தி வந்ததும் அந்த எதிர்பார்ப்பு அடங்கி, பிரீமியமும் சட்டென்று இறங்கும்.

"நஷ்டம் வரையறைக்கு உட்பட்டது" என்று சொல்லி ஆப்ஷன் வாங்கத் தூண்டுபவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. சொல் உண்மைதான். நிஃப்டி 24,000-க்குச் சரிந்திருந்தாலும் அவனுக்குப் போவது அதே 9,000தான். ஆனால் அந்த வரையறை போட்ட பணம் முழுவதும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. நிஃப்டி ஃபண்டு வைத்திருப்பவர் சரிந்தாலும் காத்திருக்கலாம். இவனுக்குக் காத்திருக்க நாள் கிடையாது. வாரம் ஒரு 9,000 என்று போனால் வரையறைக்கு என்ன பொருள்? 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்து, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாகச் சொல்கிறது.

"அப்படியானால் அதிக நாள் உள்ளதை வாங்கட்டுமா?" என்று கேட்டான். அதே ஸ்ட்ரைக்கில் இரண்டு மாத ஆப்ஷனுக்கு 500 ரூபாய் பிரீமியம் என்று வைத்து, அவனையே கணக்குப் போடச் சொன்னேன். செலவு 37,500 ரூபாய் என்று எழுதினான். அதன் கீழே, நிஃப்டி தாண்ட வேண்டிய எண்ணையும் எழுதினான்: 25,700.