ரயில் சரியான நேரம்தானாம், பஸ் மட்டும் போய்விட்டது

பண்டிகைக்கு ராத்திரி ரயில் பிடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் வந்து சொல்வார், "5.40க்கு இறங்கிடுவ, பஸ் 6.30க்குத்தானே, தாராளமா போகலாம்." கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. எங்கே இருக்கிறது அந்த 50 நிமிடம்? வழியெல்லாம் மூட்டையும் ஆளும் அடைத்துக் கிடக்கிற பெட்டியிலிருந்து இறங்கி, நகரவே நகராத கூட்டத்தோடு மேம்பாலம் ஏறி வெளியே வர 15 நிமிடம், பஸ் நிலையத்துக்கு 10, அப்புறம் பஸ் கிளம்ப 10 நிமிடம் முன்னாலேயே போய் நின்றால்தான் உள்ளே கால் வைக்க இடம். மிச்சம் 15 நிமிடம். ரயில் 20 நிமிடம் தாமதமானால் பஸ் போச்சு, அடுத்தது 11 மணிக்கு.

"இந்த வண்டி எப்பவும் கரெக்டா வந்துடும்" என்று ஒரு ஆறுதல் வேறு. எங்கே கரெக்டாக வரும்? கடைசி நிலையத்தில்! தாமதத்தை ஈடுகட்ட அட்டவணையில் சேர்க்கிற கூடுதல் நேரத்தில் பெரும்பகுதியைக் கடைசி நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வைக்கிறார்கள், அதனால் வழியில் அரைமணி நேரம் பிந்திய வண்டிகூட முடிவில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். நடுவழியில் இறங்குகிறவனுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. சந்தேகம் இருந்தால் அட்டவணையில் கடைசி இரண்டு நிலையங்களைப் பாருங்கள். போகும்போது 50 நிமிடம், அதே வண்டி திரும்பும்போது அதே தூரத்துக்கு 20 நிமிடம் என்று போட்டிருந்தால், நடுவில் இருக்கிற அந்த 30 நிமிடம் ஒளித்துவைத்த நேரம்.

இதில் பண்டிகைச் சிறப்பு ரயில் என்றால் இன்னும் மோசம். வழக்கமான வண்டிகளுக்கு நடுவே செருகின வண்டி அது. ஒரு தடவை பிந்திவிட்டால் பின்னால் வருகிற ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டு ஓரத் தண்டவாளத்தில் நிற்க வேண்டியதுதான், தாமதம் குறையாது, வளரும். டிக்கெட் கிடைத்ததே பெரிது என்று அதில் ஏறுகிறவர்களைக் குறை சொல்லவே மாட்டேன், ஆனால் அதை நம்பி 6.30 பஸ்ஸைக் கணக்கில் வைக்காதீர்கள்.

பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அரைமணிக்கு ஒரு பஸ் ஓடுகிற இடம் என்றால் கவலையே வேண்டாம். அடுத்த பஸ் நாலரை மணி நேரம் கழித்துத்தான் என்றால், நடுராத்திரி மூன்றரைக்கு இறக்கிவிட்டாலும் பரவாயில்லை, முந்தின ரயிலையே பிடியுங்கள். தாமதத்தைப் பார்க்கும்போது நீங்கள் இறங்குகிற நிலையத்தில் அந்த வண்டி வந்த நேரத்தைப் பாருங்கள், அதுவும் கூட்ட நாட்களில் வந்த நேரத்தை. பண்டிகையன்று காலை அந்த பஸ் ஓடுகிறதா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள், ஆள் இல்லை என்று முதலில் நிறுத்துவது அந்த நடையைத்தான்.

இவ்வளவையும் பயணிதான் பார்க்க வேண்டுமா? ரயில் 20 நிமிடம் தாமதம் என்பது நமக்குத் தெரிவதற்கு முன்னாலேயே நிலையத்தில் தெரியும். பண்டிகை வாரத்தில் மட்டுமாவது பஸ் நிலையத்துக்கு ஒரு போன் போட்டு, அந்த ஒரு பஸ்ஸை நிறுத்திவைக்கச் சொல்ல ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?