ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு பெயரை மாற்றிப் பாருங்கள்

முனைவர் பட்ட ஆய்வேடு கைக்கு வந்தால் பலரும் முதலில் படிப்பது நன்றியுரையைத்தான். நானும் அப்படித்தான். ஆனால் பாதிக்கு மேல் படிக்கவே முடியாது, அது அப்படியே வருகைப்பதிவேடு. நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், நண்பர்கள், பெற்றோர் என்று வரிசை மாறாமல் வருவார்கள். ஆளுக்கொரு ‘நெஞ்சார்ந்த நன்றி’. நாலைந்து பேரைப் பற்றி ‘இவர் இல்லையென்றால் இந்த ஆய்வு சாத்தியமாகியிருக்காது’ என்றும் இருக்கும். ஒருவரைப் பற்றிச் சொன்னால் நம்பலாம். எல்லோரைப் பற்றியும் சொன்னால் யாரைப் பற்றியும் சொல்லவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

சமீபத்தில் தெரிந்த பெண் ஒருவர், பழைய இதழ்களை வைத்து ஆய்வு செய்தவர், தன் நன்றியுரையைத் திருத்தித் தரச் சொன்னார். நெறியாளருக்கான வரி இப்படி இருந்தது: ‘இடைவிடாத ஊக்கமும் மதிப்புமிக்க வழிகாட்டுதலும் அளித்த என் நெறியாளருக்கு மனமார்ந்த நன்றி.’ அந்த இடத்தில் வேறு யார் பெயரைப் போட்டாலும் வரி அப்படியே நிற்கும். நான் பார்க்கும் சோதனை இது ஒன்றுதான். பெயரை மாற்றியும் பொருந்துகிறதென்றால் அந்த வரியில் ஆள் இல்லை.

“சரி, அவர் என்னதான் செய்தார்?” என்று கேட்டேன். முதலில் “ரொம்ப சப்போர்ட்டிவ்” என்றார். அது செயல் இல்லையே. ஏதாவது ஒரு நாள், ஒரு தாள், ஒரு சொல் நினைவிருக்கிறதா என்று மறுபடி கேட்டபோது வந்தது. மூன்றாம் இயலின் ஓரத்தில் அவர் ‘இதற்குச் சான்று எங்கே?’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இவருக்கு அன்று கோபம். சான்று தேடி மூல இதழ்களுக்குத் திரும்பப் போனபோதுதான் தன் முடிவு பாதி தவறு என்று தெரிந்திருக்கிறது. அந்த இயலையே புதிதாக எழுதியிருக்கிறார்.

வரியை இப்படி மாற்றினோம்: ‘மூன்றாம் இயலின் ஓரத்தில் “இதற்குச் சான்று எங்கே?” என்று கேட்டார் என் நெறியாளர். என்னிடம் சான்று இல்லை. அதைத் தேடிப் போனதில்தான் இப்போதுள்ள மூன்றாம் இயல் கிடைத்தது. நன்றி, ஐயா.’ இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவர் எப்படிப்பட்ட நெறியாளர் என்று தெரிந்துவிடுகிறது.

நூலகருக்கும் அதே கேள்விதான். தொலைந்துபோனதாக எல்லோரும் நினைத்த ஒரு தொகுதி வேறொரு இதழின் பெயரில் தவறாகப் பைண்ட் செய்யப்பட்டிருந்ததை அவர்தான் கண்டுபிடித்திருக்கிறார். அதைச் சொன்னாலே போதும், ‘தன்னலமற்ற’ தேவையில்லை.

நெறியாளர் உண்மையில் பெரிதாக எதுவும் செய்யவில்லையென்றால்? பலருக்கு உள்ள சிக்கல்தான். மிகைப்படுத்தவும் வேண்டாம், குத்தலும் வேண்டாம். ‘தலைப்பைத் தேர்ந்துகொள்ள முழு விடுதலை தந்தார்’ போன்ற ஒரு சின்ன உண்மையைச் சொல்லி நிறுத்துங்கள். துறைக்குள் இருப்பவர்கள் குத்தலை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அந்த ஏடு நூலகத்தில் வெகுகாலம் இருக்கும்.

இன்னொரு பக்கமும் வழுக்கும். விவரம் வேண்டும் என்றதும் அந்தப் பெண் அடுத்த வரைவில் கணவரின் வேலை இழப்பு, தோழியின் மருத்துவச் சிகிச்சை எல்லாவற்றையும் எழுதிவிட்டார். நன்றி உங்களுடையது, அந்தச் செய்திகள் அவர்களுடையவை. அதனால் கணவர் செய்ததை மட்டும் வைத்தோம்: அடிக்குறிப்புகளை அவர் சத்தமாக வாசிக்க, இவர் மூலப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது. இருவருமே பாதியில் தூங்கிப்போனதையும் சேர்த்தார். அது அவர் கைவரிசை.

பெயர் வெளியிட மாட்டோம் என்று சொல்லிப் பேட்டி எடுத்தவர்களை நன்றியுரையில் பெயரோடு குறிப்பிடவே கூடாது. உள்ளே புனைபெயரில் மறைத்துவிட்டு முதல் பக்கத்தில் நன்றி சொல்லிக் காட்டிக்கொடுப்பவர்கள் உண்டு. ‘தம் வீட்டுத் திண்ணையில் இடம் தந்து பேசியவர்கள்’ என்று எழுதினால் அவர்களுக்கே புரியும். நிதி தந்த அமைப்பு இன்ன வாசகத்தில், இன்ன திட்ட எண்ணோடு குறிப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதில் கைவைக்காதீர்கள். அங்கே உணர்ச்சியை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அப்புறம், எல்லோருக்கும் கதை எழுத முடியாது, எழுதினால் அலுத்துவிடும். மூன்று நான்கு பேருக்கு இடம் கொடுங்கள். மற்றவர்களை ‘விடுதியில் உடன் இருந்தவர்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் பெயர்களாக அடுக்கினால் தவறே இல்லை. அது பட்டியல் என்று ஒளிக்காமல் தெரிகிறது, ஆளுக்கொரு பொய் அடைமொழி போடுவதைவிட மேல்.

இதெல்லாம் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய இரவு உட்கார்ந்தால் நினைவுக்கு வராது. பழைய வரைவுகளின் ஓரக்குறிப்புகள், மின்னஞ்சல்கள், குறிப்பேடுகளைப் புரட்டுங்கள். அந்தப் பெண்ணுக்கு நூலகரின் விஷயம் ஒரு பழைய மின்னஞ்சலைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதல் வரைவில் அவர் பெயரே இல்லை.