10,000 கை ஆடினால் திறமை தெரிந்துவிடுமா?

நண்பர் ஒருவர் தன் போக்கர் கணக்கின் வரைபடத்தை அனுப்பியிருந்தார். நோ-லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் வகை, 10,000 கை, மொத்த லாபம் 1,000 பிக் பிளைண்ட், அதாவது ஒவ்வொரு கையிலும் சீட்டுப் போடும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகையைப் போல 1,000 மடங்கு. “இனி பெரிய மேசைக்குப் போகலாம்தானே?” என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டார்.

அவர் ஆடிய ஒரு கையையே எடுத்துக் காட்டினேன். இவரிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. ஆளுக்கு 100 பிளைண்ட், முழுவதையும் பந்தயத்தில் வைத்து ஆல்-இன். நான்கு பொதுச்சீட்டுகள் விழுந்த பிறகும் ஏஸ்தான் முன்னால். மிச்சமிருந்த 44 சீட்டில் எதிராளியைக் காப்பாற்றக்கூடியவை 2 ராஜாக்கள் மட்டுமே. ராஜா வரவில்லை, இவர் ஜெயித்தார். வந்திருந்தால் கணக்கில் 200 பிளைண்ட் வித்தியாசம். நூறு கைக்கு 5 பிளைண்ட் சம்பாதிப்பவர் நல்ல ஆட்டக்காரர். அவர் 200 பிளைண்ட் சேர்க்க 4,000 கை ஆட வேண்டும்!

இந்த ஆட்டத்தில் 100 கைக்கு ஏற்படும் ஊசலாட்டம், அதாவது திட்ட விலக்கம், ஏறத்தாழ 100 பிளைண்ட். சிலருக்குச் சற்றுக் குறையும். கணக்குக்கு எளிதாக 100 என்றே வைத்துக்கொள்வோம். கைகள் நான்கு மடங்கானால் திறமையின் வருமானமும் நான்கு மடங்காகும், ஊசலாட்டமோ இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே திறமை ஊசலாட்டத்தை எட்டிப்பிடிக்கும், ஆனால் ஆமை வேகத்தில்.

அந்த நல்ல ஆட்டக்காரரையே பாருங்கள். 10,000 கையில் அவருக்கு வரவேண்டியது 500 பிளைண்ட், ஊசலாட்டம் 1,000. பத்தில் மூன்று முறை அவர் நஷ்டத்தில்தான் எழுந்திருப்பார். 40,000 கையில் இரண்டும் 2,000 என்று சமமாகின்றன. அப்போதும் ஆறில் ஒரு முறை நஷ்டம். 1,60,000 கையில் வரவு 8,000, ஊசலாட்டம் 4,000. நஷ்டத்துக்கான வாய்ப்பு நூறில் இரண்டாகச் சுருங்குவது அங்கேதான்.

நண்பரின் வரைபடத்துக்கு வருவோம். லாபமும் நஷ்டமும் இல்லாத சுமாரான ஆட்டக்காரர் ஆறு பேரை 10,000 கை ஆடவிட்டால், சராசரியாக அவர்களில் ஒருவர் இதே 1,000 பிளைண்ட் லாபத்தையோ அதற்கு மேலோ காட்டிவிடுவார். நண்பர் அந்த ஒருவர் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று அந்த வரைபடமும் சொல்லவில்லை.

மேசையைச் சுற்றி நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு 30 கை வரும். 1,60,000 கைக்கு 5,000 மணி நேரத்துக்கும் மேல். எதிராளிகள் பலவீனமாக இருந்து லாபம் 100 கைக்கு 10 பிளைண்டாக உயர்ந்தால் 40,000 கையே போதும். 2.5 ஆகக் குறைந்தால் 6,40,000 வேண்டும். அதற்குள் எதிராளிகள் மாறிவிடுவார்கள், மேசை நடத்துபவர் பிடிக்கும் கட்டணமான ரேக் மாறியிருக்கும், நாமும் வேறு மாதிரி ஆடிக்கொண்டிருப்போம். பழைய கைகளும் புதிய கைகளும் ஒரே ஆட்டக்காரரை அளக்கின்றனவா என்பதே சந்தேகமாகிவிடும்.

அதனால் லாபக் கோட்டை விட்டுவிட்டு, பெரிய தொகை போன கைகளில் ஐம்பதை அனுப்புங்கள், ஒவ்வொன்றிலும் ஏன் பணம் வைத்தீர்கள் என்று பார்க்கலாம் என்றேன். இதுவரை மூன்று வந்திருக்கின்றன. மூன்றுமே அவர் ஜெயித்தவை.